தனிச் சார்ஜிங் வசதியில்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு மின்சாரக் கார்: கிருஷ்ணகிரி நிகழ்வு ஆய்வு

நான் கிருஷ்ணகிரியில் வயரிங் வேலை எடுத்துச் செய்யும் மின் ஒப்பந்தக்காரன். 2024 நவம்பரில் எரிந்துபோன ஒரு பிளக்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். அடுத்த ஓராண்டில் நடந்ததை, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். ரூபாய்க் கணக்குகள் அவர்கள் நோட்டில் எழுதி வைத்திருந்தவை. ஆம்பியர், ஓம் கணக்குகள் நான் அளந்தவை.

பின்னணி

கணவன், மனைவி, பள்ளி செல்லும் ஒரு மகள். இராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் 12 வீடுகள் கொண்ட மூன்று மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள் நிற்கும் பார்க்கிங். மீட்டர் போர்டுகள் எல்லாம் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக இருக்கின்றன. இவர்களுக்கு ஒதுக்கிய இடம் எதிர்க்கோடியில், காம்பவுண்டு சுவரை ஒட்டி.

கணவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பொது ஷிஃப்ட், வாரம் ஆறு நாள். போக 50 கிலோமீட்டர், வர 50. பழைய பெட்ரோல் காரில் மாதம் 14,000 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அதை விற்றுவிட்டு, 30 யூனிட் பேட்டரி கொண்ட ஒரு மின்சாரக் காரைப் பழையதாக வாங்கினார். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 200 கிலோமீட்டர் தாராளமாக ஓடும், தனக்கு வேண்டியது 100தான் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை. கார் ராத்திரி எங்கே நிற்கும், அங்கே கரண்ட் இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் அவர் வாங்கிய பிறகுதான் கேட்டுக்கொண்டார்.

முதல் 19 நாள்: மோட்டார் ரூம் பிளக்

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தன்மையான மனிதர். “தற்காலிகமா மோட்டார் ரூம் பிளக்குல போட்டுக்கோங்க, யூனிட் கணக்குப் போட்டுக் கொடுத்துடுங்க” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். அங்கே இருந்தது 15 ஆம்பியர் சாக்கெட் ஒன்று. எப்போதாவது டிரில்லிங் மெஷின் மாட்டுவதற்காக யாரோ வைத்தது. காரோடு வந்த சார்ஜர் ஒயர் எட்டாததால், இவர் கடையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி நடுவில் போட்டார்.

பத்தொன்பதாவது நாள் விடியற்காலை, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்து காவலாளி மெயினை ஆஃப் செய்திருக்கிறார். நான் போனபோது சாக்கெட்டின் வலது பக்கத் துளை மட்டும் நீள்வட்டமாக உருகியிருந்தது. பிளக்கை இழுத்தால் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பி எடுத்தபோது ஒரு பின் பித்தளை நிறம் போய்க் கருப்பும் நீலமுமாக இருந்தது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கம் ஒயரைப் பிடிக்கும் திருகு கையாலேயே சுழன்றது.

சார்ஜர் இழுத்தது 13 ஆம்பியர். சாக்கெட் 15 ஆம்பியர். அப்படியானால் ஏன் எரிய வேண்டும் என்று செயலாளர் கேட்டார். கீசரும் கிட்டத்தட்ட இதே கரண்ட்தான் இழுக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் ஆஃப் ஆகிவிடும். கார் ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கும். ஒயரும் பித்தளையும் சேரும் இடத்தில், லூஸ் திருகினால் 0.2 ஓம் கூடுதலாக இருந்தால் போதும், 13 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 34 வாட் வெப்பம் உருவாகும். ரேடியோ ரிப்பேர்காரர் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் வைத்து ராத்திரி முழுக்க ஆன் செய்துவிட்ட மாதிரி. எம்சிபி டிரிப் ஆகாது, ஏனென்றால் கரண்ட் அளவு மீறவே இல்லை. இந்தக் கோளாறின் ஆபத்தே அதுதான். முன்கூட்டித் தெரிந்துகொள்ள எளிதான வழி, சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைக் கையால் தொட்டுப் பார்ப்பது. வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

சங்கம் அன்றே தடை போட்டது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த நான்கு மாதம்: நெடுஞ்சாலைச் சார்ஜர்கள் மட்டும்

தொழிற்சாலையில் கேட்டுப் பார்த்தார். வளாகத்துக்குள் ஊழியர் கார்களுக்கு இடமே இல்லை, வெளியே நிற்கும் வண்டிக்கு லைன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உணவகங்கள், பெட்ரோல் பங்குகளில் இருக்கும் டிசி வேகச் சார்ஜர்கள்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஓசூர் கிருஷ்ணகிரியைவிடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளோடு சேர்த்து ஒன்றரை டன் எடையை அந்த உயரத்துக்கு ஏற்றவே ஒன்றரை யூனிட் மேல் ஆகும். காலையில் சூளகிரி வழியாக ஏறும்போது 50 கிலோமீட்டருக்கு ஏழரை யூனிட் குறைந்தது. மாலையில் இறங்கும்போது ஐந்துக்கும் கீழே. ஆரம்பத்தில் இவர் காலைக் கணக்கை இரண்டால் பெருக்கி, “திரும்பி வர முடியாதோ” என்ற பயத்தில் ஓசூரிலேயே மாலையில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். தேவையே இல்லாத நிறுத்தம் அது. நான் நோட்டைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விட்டார்.

2025 ஜனவரிக் கணக்கு இப்படி இருந்தது. 22 தடவை சார்ஜ், மொத்தம் சுமார் 330 யூனிட், ஜிஎஸ்டி சேர்த்து யூனிட்டுக்கு 23 ரூபாய் வீதம் 7,600 ரூபாய். பெட்ரோலுக்கு ஆனதில் பாதிதான். பணத்தைப் பொறுத்தவரை அவருக்குக் குறையில்லை. ஆனால் நேரத்தை அவர் மனைவி தனியாக எழுதி வைத்திருந்தார்: வரிசையில் நின்றது, சார்ஜ் ஏறியது எல்லாம் சேர்த்து மாதம் 27 மணி நேரம். “மாசத்துல மூணு நாள் வேலை நேரம்ணா இது. அவருக்கு யாரும் சம்பளம் தரல” என்று என்னிடம் சொன்னார்.

22 தடவையில் நான்கு தடவை முதலில் போன இடத்தில், காரில் மாட்டும் சார்ஜர் துப்பாக்கி வேலை செய்யவில்லை. ஒரு தடவை கரண்ட் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கும் கார்கள் வரிசையில் நிற்கும். இரண்டு துப்பாக்கி கொண்ட சார்ஜரில் பக்கத்துக் கார் மாட்டியதும் இவருடைய வேகம் பாதியாகிவிடும். 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியே கரண்ட்டை வேகமாக வாங்க மறுக்கும். முழுசாக ஏற்ற நினைத்தால் கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் முன்பு ஆன அளவு நேரம் ஆகும். அதனால் 80இல் கழற்றிவிடுவார், மறுநாளோ அதற்கு மறுநாளோ மறுபடி நிற்பார்.

மார்ச் மாதம் வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சு வந்தது. மகளுக்குத் தேர்வு. அப்பா வீட்டுக்கு வர எட்டரை மணி.

என்னென்ன வழிகளைப் பார்த்தோம்

மோட்டார் ரூமில் நல்ல சாக்கெட்டாகப் போட்டு, சப்-மீட்டர் வைத்து, சங்கத்துக்குப் பணம் கட்டுவது முதல் வழி. செலவு குறைவு. ஆனால் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு வீட்டு இணைப்பு மாதிரி இலவச யூனிட் கிடையாது, கட்டண வகையே வேறு. மாதாமாதம் 350 யூனிட் அதில் ஏறினால், யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். செயலாளரே இதை வேண்டாம் என்றார்.

இரண்டாவது வழி, அவர்களுடைய சொந்த மீட்டரிலிருந்து பார்க்கிங் இடம்வரை தனி லைன் இழுப்பது. வீட்டு இணைப்பிலிருந்தே சொந்தக் காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிமுறைகளிலேயே இருக்கிறது. ஆனால் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தது. சுவரில் பைப் ஓட்டச் சங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் மூன்று ஆட்சேபம் வந்தது. பார்க்கிங்கில் தீப்பிடிக்கும் என்பது ஒன்று. நடந்தது கார் தீ அல்ல, சாக்கெட் தீ என்று எரிந்த பிளக்கையே மேசையில் வைத்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. மற்ற வீடுகளுக்கு வோல்டேஜ் குறையும் என்பது இரண்டாவது. அளந்து சொல்கிறேன் என்றேன். மூன்றாவதை ஒரு மூத்த பெண்மணி கேட்டார்: “நாளைக்குப் பன்னெண்டு வீட்டுக்காரங்களும் கார் வாங்கினா?” நியாயமான கேள்வி. அன்று என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை.

செய்த வேலை

வீட்டு உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். போனில் பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கினோம். லைன் வீட்டோடு இருக்கும், செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். வாடகைக்கு இருப்பவர்கள் இதை எழுதி வாங்காமல் பணம் போடக் கூடாது.

வீட்டு இணைப்பு சிங்கிள் பேஸ். ஏற்கெனவே ஒரு ஏசி, ஒரு கீசர், மாவு அரைக்கும் கிரைண்டர். அதன் மேல் 3 கிலோவாட் சார்ஜரை ஏற்றினால் அனுமதித்த மின்பளுவைத் தாண்டிவிடும். உரிமையாளர் பெயரிலேயே கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்து த்ரீ பேஸ் ஆக்கினோம். இதில்தான் அதிக நாள் போனது. ஆர் பேஸில் ஏசி, ஒய் பேஸில் கீசரும் மற்றவையும், பி பேஸில் சார்ஜர் மட்டும் என்று பிரித்தேன்.

மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் 34 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்பு ஒயரே போதும், வோல்டேஜ் நான்குதான் குறையும். இருந்தாலும் 6 சதுர மி.மீ. போட்டேன். ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடும் லைன், மூடிய பைப்புக்குள், கிருஷ்ணகிரி மே மாதத்தில். ஒயரில் மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் தப்பான சிக்கனம். மீட்டர் பக்கத்தில் 20 ஆம்பியர் எம்சிபியும், கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்தேன். கார்ப் பக்கத்தில் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட், பூட்டு போட்ட பெட்டிக்குள், தரையிலிருந்து நான்கடி உயரத்தில். மழைக்காலத்தில் அந்தப் பார்க்கிங்கில் கணுக்கால் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சார்ஜரின் பிளக்கையும் அதற்கு ஏற்றபடி தயாரிப்பாளரின் சேவை மையத்தில் மாற்றி வாங்கினோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குப்பைக்குப் போனது.

முதல் ராத்திரி மாட்டினால் சிவப்பு விளக்கு. சார்ஜ் ஏறவில்லை.

சார்ஜரைக் குறை சொல்லத் தோன்றும், ஆனால் அது சரியாகத்தான் வேலை செய்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தேன், 13 வோல்ட் காட்டியது. கட்டடத்தின் எர்த் குழியில் மீட்டர் வைத்தால் 9 ஓம். ஃபேனும் மிக்ஸியும் இதைக் கண்டுகொள்ளாது. கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்து, நம்பிக்கை வந்தால்தான் கரண்ட்டை விடும். நம்ம ஊர் மண் அப்படி. மேலே சில அடி செம்மண், அதற்குக் கீழே கிரானைட். கோடையில் அந்தச் செம்மண்ணும் காய்ந்துவிடும்.

புதுக் குழி தோண்டினோம். ஐந்தடியில் பாறை. கம்பி அதற்குமேல் இறங்கவில்லை. பத்தடி தள்ளி, காம்பவுண்டு ஓரம் தென்னை மரத்துக்குத் தண்ணீர் பாயும் இடத்தில் இன்னொரு குழி போட்டு, இரண்டையும் பட்டையால் இணைத்து, கரியும் உப்பும் நிரப்பி, ஒரு நாள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிறகு அளந்தேன். 2.6 ஓம். நியூட்ரல்-எர்த் வோல்டேஜ் 3க்கு இறங்கியது. அன்று ராத்திரி பச்சை விளக்கு எரிந்தது. தென்னைக்குத் தண்ணீர் விடுபவர் இப்போது எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றிவிடுகிறார்.

என் பில், பொருளும் கூலியும் சேர்த்து, 38,400 ரூபாய். மின்வாரியத்துக்குக் கட்டியது தனி.

பிறகு நடந்தது

மே முதல் கார் ராத்திரியில் வீட்டிலேயே சார்ஜ் ஆகிறது. தினம் ஓடும் 100 கிலோமீட்டருக்கு, இழப்பும் சேர்த்து, மீட்டரில் 14 யூனிட் ஓடுகிறது. ஐந்து மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. வேகச் சார்ஜருக்கு இப்போது சேலம், கோவை என்று வெளியூர் போனால் மட்டும்தான் போகிறார்.

கட்டணத்தில் அவர் எதிர்பாராத ஒன்று இருந்தது. “வீட்டுக் கரண்ட் யூனிட் நாலஞ்சு ரூபாதானே” என்று நினைத்திருந்தார். இரண்டு மாத பில் 300 யூனிட்டாக இருந்தவரை அது உண்மை. கார் வந்ததும் அது 1,000 யூனிட்டை ஒட்டியது. 500ஐத் தாண்டினால் முதல் யூனிட்களுக்குக் கிடைத்த மலிவு விகிதமும் கிடைக்காமல் போகிறது, மேலே போகப் போக ஒவ்வொரு படியும் ஏறுகிறது, கடைசி யூனிட்கள் பத்து ரூபாயைத் தாண்டுகின்றன. காருக்காகக் கூடிய தொகையை மட்டும் எடுத்து, காருக்குப் போன 700 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது ரூபாய். அப்படியும் மாதம் 3,200க்குள் முடிகிறது. நெடுஞ்சாலையில் 7,600 ஆனது. லைனுக்குப் போட்ட பணம் ஒன்பது மாதத்தில் திரும்பிவிடும், வாடகையில் கழிவதைச் சேர்க்காமலே.

வோல்டேஜ் விஷயத்தில் என் ஊகம் ஒன்று பிசகியது. சங்கத்துக்கு வாக்குக் கொடுத்தபடி, கட்டடத்தின் மெயின் ஒயரில் கிளாம்ப் மீட்டர் போட்டு அளந்தேன். மாலை ஏழு, எட்டு மணிதான் உச்சம் என்று நினைத்து, சார்ஜரை இரவு 10 மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லியிருந்தேன். மே மாதத்தில் எட்டு மணிக்கு அதிகம் ஏறிய பேஸில் 48 ஆம்பியர்தான். 11 மணிக்கு அதே பேஸில் 71. எல்லா வீட்டிலும் படுக்கையறை ஏசி ஓடும் நேரம் அது. ஃபியூஸ் 100 ஆம்பியர், ஆபத்து ஒன்றுமில்லை. ஆனாலும் சார்ஜ் தொடங்கும் நேரத்தைக் காரிலேயே நள்ளிரவு 1 மணிக்கு மாற்றி வைத்தோம். ஆறு மணிக்குள் முடிந்துவிடுகிறது, அவர் ஏழுக்குத்தான் கிளம்புகிறார்.

இனி செய்தால் எதை மாற்றுவேன்

கார் வாங்கும் முன்பே என்னைக் கூப்பிட்டிருந்தால் மூன்று விஷயம் பார்த்திருப்பேன்: மீட்டரிலிருந்து பார்க்கிங் எத்தனை மீட்டர், இணைப்பு யார் பெயரில், எர்த் எத்தனை ஓம். அரை நாள் வேலை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டு உரிமையாளரின் சம்மதமும் சங்கத்தின் சம்மதமும் கையில் இருக்க வேண்டும். இவருக்கு இரண்டும் பிறகு கிடைத்தது அதிர்ஷ்டம். கிடைக்காமல் வண்டியை நஷ்டத்துக்கு விற்ற ஒருவரையும் எனக்குத் தெரியும்.

அதே கட்டடத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார். ஊருக்குள்ளேயே ஓட்டம், வாரம் நூறு கிலோமீட்டர்கூட வராது. அவரும் மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்டார். அவருக்கு இந்த லைன், குழி எதுவும் வேண்டாம் என்றேன். வாரம் ஒரு நாள் நெடுஞ்சாலையில் டிபன் சாப்பிடும் நேரத்தில் 20இலிருந்து 80 சதவீதம் ஏற்றினால் அவருக்கு 120 கிலோமீட்டர் கிடைக்கும், அதற்கு 40,000 ரூபாய் போடுவது வீண். வாரம் 600 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதே வழி நான்கு மாதத்தில் அலுத்துப்போனது. இரண்டு பேருக்கும் நடுவே, வாரம் 200, 250 ஓட்டுபவர்களுக்கு என்ன சொல்வது என்பது ஆளைப் பொறுத்தது. காத்திருக்கப் பொறுமை இருக்கிறதா, வழியில் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டுத்தான் சொல்வேன்.

அந்த மூத்த பெண்மணியின் கேள்விக்கு இப்போது அளவோடு பதில் இருக்கிறது. மே மாத நள்ளிரவுக் கணக்கின்படி, பேஸ் பேஸாகப் பிரித்து, 1 மணிக்குமேல் ஓடவிட்டால், இருக்கிற மெயின் ஒயரில் இன்னும் மூன்று கார் தாங்கும். ஐந்தாவது கார் வரும்போது மெயின் ஒயரையும் ஃபியூஸ் பெட்டியையும் மாற்றியாக வேண்டும், அந்தச் செலவு 12 வீட்டுக்கும் சேர்ந்தது. இதை எழுத்தில் சங்கத்துக்குக் கொடுத்தேன். டிசம்பர் கூட்டத்தில் படித்தார்கள். இரண்டாவது காருக்கான விண்ணப்பம் இப்போது செயலாளரின் மேசையில் இருக்கிறது. விண்ணப்பித்தவர் அந்தப் பெண்மணியின் மகன்.